தோலா என்றால் எத்தனை கிராம்? கடைக்குக் கடை மாறுகிற கணக்கு

லண்டனில் கிரீன் ஸ்ட்ரீட்டிலோ சவுத்ஹாலிலோ ஒரு நகைக்கடைக்குள் போய்த் தங்கக்கட்டி விலை கேட்டால், பல கடைகளில் பதில் தோலாவில்தான் வரும். துபாய் தேராவின் தங்கச் சந்தையிலும் பத்துத் தோலாக் கட்டியை 'டி.டி. பார்' என்று சொல்லி விற்பார்கள். எங்கட ஆக்களுக்கோ தலைக்குள் ஓடுவது பவுன் கணக்கு. இணையத்தில் பார்க்கிற விலை அவுன்ஸ் கணக்கில் இருக்கும். கையில் கிடைக்கிற பற்றுச்சீட்டில் கிராம் இருக்கும், சில வேளை அதுவும் இருக்காது. இப்படி நாலு அளவுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஆயிரக்கணக்கில் காசு கட்டுகிறோம். பிள்ளைகளிடம் கேட்டால் போனை எடுத்து ஒரு எண்ணைச் சொல்லுவார்கள். அந்த எண் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்காரர் சொன்ன தோலாவும் போன் சொன்ன தோலாவும் ஒன்றுதானா என்பது வேறு கேள்வி.

முதலில் சரியான எண். ஒரு தோலா என்பது 11.6638 கிராம். இது யாரோ தோராயமாகச் சொன்னது இல்லை. 1833இல் பிரிட்டிஷ் இந்தியாவில் தோலாவை 180 கிரெயின் என்று நிர்ணயித்தார்கள். அன்றைய வெள்ளி ரூபாய்க் காசின் எடையும் அதுதான். பழைய ஆட்கள் மருந்துச் சரக்கு நிறுக்கும்போது 'ரூபா எடை' என்று சொன்னதும் இந்த எடையைத்தான். தங்கம் நிறுக்கிற ட்ராய் அவுன்ஸ் 480 கிரெயின். 180ஐ 480ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் எட்டில் மூன்று பங்கு வரும். அதனால்தான் பத்துத் தோலாக் கட்டி சரியாக 3.75 அவுன்ஸ், அதாவது 116.64 கிராம்.

இந்த எட்டில் மூன்றை மனதில் வைத்தால் கல்குலேட்டர்கூடப் பெரிதாகத் தேவைப்படாது. இணையத்தில் அன்றைய அவுன்ஸ் விலையைப் பாருங்கள். எட்டால் வகுத்து மூன்றால் பெருக்குங்கள். சுத்தத் தங்கத்தின் தோலா விலை வந்துவிடும். கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்று அவுன்ஸ் 3,110 பவுண்ட்ஸ் என்று வைப்போம், அதாவது கிராம் ஏறத்தாழ 100 பவுண்ட்ஸ். எட்டால் வகுத்தால் 388.75. மூன்றால் பெருக்கினால் 1,166.25. கடைக்காரர் கேட்கிறது இதைவிட எவ்வளவு கூட என்று பார்த்தால், அவருடைய இலாபமும் கட்டி செய்த செலவும் அந்த வித்தியாசத்துக்குள் தெரியும்.

தசமத்துக்குப் பிறகு எத்தனை இலக்கம் வைப்பது என்று சிலர் கேட்பார்கள். அது வாங்குகிற அளவைப் பொறுத்தது. 11.66 என்று வைத்தால் பத்துத் தோலாவுக்கு 0.04 கிராம்தான் விடுபடும், மேலே சொன்ன விலைக்கு நாலு பவுண்ட்ஸ். பரவாயில்லை. ஆனால் "11.6 என்று வையுங்கோ" என்று யாராவது விற்கும்போது சொன்னால், பத்துத் தோலாவுக்கு 0.64 கிராம், 64 பவுண்ட்ஸ் போய்விடும். எனக்குத் தெரிந்தவரை இந்தச் சுருக்கம் நாங்கள் வாங்கும்போது வருவதில்லை, திருப்பி விற்கப் போகும்போதுதான் வரும்.

உண்மையான சிக்கல் தசமத்தில் இல்லை. தோலா என்ற சொல்லுக்கு இப்போது இரண்டு எடை இருக்கிறது என்பதில்தான்.

இந்தியா 1956இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் கொண்டுவந்தது. தங்க விலையை 10 கிராமுக்கு இவ்வளவு என்று சொல்லும் வழக்கம் அங்கே நிலைத்தது. ஆனால் வாயில் ஊறிய சொல் போகவில்லை. அதனால் சில கடைகளில், குறிப்பாக வட இந்தியப் பக்கத்து வழக்கத்தில், 10 கிராமையே தோலா என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் அப்படி ஆகவில்லை. அங்கே தோலா இன்னும் 11.66 கிராம்தான். பாகிஸ்தான் செய்திகளில் தங்க விலை சொல்லும்போது ஒரு தோலா விலையையும் 10 கிராம் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் தருவார்கள். ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள், 1.166 வரும். இரண்டும் வேறு வேறு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வெளிநாட்டில் என்ன நடக்கிறதென்றால், பாகிஸ்தானியர் கடையும் வட இந்தியர் கடையும் ஒரே தெருவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு பேரும் தோலா என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லாமலே இரண்டு எடையைச் சொல்லக்கூடும். வாங்குகிறவர் ஒரு கடையிலிருந்து மற்றக் கடைக்கு நடந்து விலையை மட்டும் ஒப்பிடுகிறார்.

கிராம் 100 பவுண்ட்ஸ் என்ற அதே கணக்கில் மூன்று கடைகளைப் பார்ப்போம். முதல் கடையில் "ஒரு தோலா 1,200" என்கிறார்கள். இரண்டாவது கடையில் "ஒரு தோலா 1,100". மூன்றாவது ஒரு கட்டி வியாபாரி, தோலாப் பேச்சே இல்லை, 10 கிராம் கட்டி 1,035 என்று எழுதி வைத்திருக்கிறார். கேட்ட உடனே இரண்டாவது கடை முதல் கடையைவிட 100 பவுண்ட்ஸ் மலிவு என்றுதான் தோன்றும். இப்போது கிராமுக்கு மாற்றுங்கள். முதல் கடை 11.664 கிராம் தருகிறது என்றால், கிராம் 102.88. இரண்டாவது கடையின் தோலா 10 கிராம் என்றால், கிராம் 110. மூன்றாவது 103.50. மலிவு என்று ஓடிப்போய் வாங்கின கடைதான் மூன்றிலும் விலை கூடியது. இரண்டு தோலாவுக்கும் நடுவில் இருக்கிறது 1.66 கிராம், இந்த விலையில் 166 பவுண்ட்ஸ். அஞ்சு தோலா வாங்கினால் 830.

இதற்குள் இன்னொரு மடிப்பும் இருக்கிறது. சில கடைகளில் தோலா விலை என்று சொல்வது 22 கரட்டின் விலை, ஏனென்றால் அவர்கள் நகை விற்கிறவர்கள். 22 கரட்டில் ஒரு முழுத் தோலா இருந்தாலும் அதற்குள் சுத்தத் தங்கம் சுமார் 10.68 கிராம்தான். கட்டி வாங்கப் போகிறவர் இந்த விலையைக் கேட்டுவிட்டு, அடுத்த கடையில் 999 கட்டி விலையைக் கேட்டு "இவன் கொள்ளையடிக்கிறான்" என்று திரும்பி வந்த கதைகள் உண்டு. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி "தோலா என்ன விலை" என்பது இல்லை. "இந்தக் கட்டி எத்தனை கிராம், எத்தனை சுத்தம், மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். மொத்த விலையைக் கிராமால் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் இப்படிக் கேட்பதற்குச் சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அங்கே வியாபாரத்தில் தங்கத்தை நிறுக்கக் கிராம் அல்லது ட்ராய் அவுன்ஸ்தான். தோலா பேச்சு வழக்கு மட்டுமே. பற்றுச்சீட்டில் கிராமையும் 999 அல்லது 995 என்ற சுத்தத்தையும் எழுதச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. சுத்தம் எழுதப்படுவதில் வரியும் தொங்குகிறது. பிரிட்டனில் 995க்குக் குறையாத சுத்தமுள்ள முதலீட்டுக் கட்டிக்கு வாட் வரி இல்லை. நகைக்கு உண்டு. கனடாவிலும் 99.5 சதவீதத்துக்குக் குறையாத தங்கக் கட்டிக்கு விற்பனை வரி கிடையாது. கட்டி விலையில் வரியையும் சேர்த்துச் சொன்னால் ஏன் என்று கேட்கலாம்.

அடுத்தது தராசு. கடையில் உங்கள் கண் முன்னால் நிறுப்பார்கள், நாங்கள் மரியாதைக்கு மற்றப் பக்கம் பார்ப்போம். பார்க்க வேண்டியது எண்ணை மட்டும் இல்லை, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்தை. இன்றைய சின்னத் தராசுகளில் ஒரு பொத்தானை அமத்தினால் அளவு மாறும். `g` என்றால் கிராம். `oz` என்றால் மளிகைச் சாமான் நிறுக்கிற சாதாரண அவுன்ஸ், 28.35 கிராம். `ozt` என்றால்தான் தங்க அவுன்ஸ், 31.10 கிராம். ஒரு தோலாக் கட்டி `ozt`இல் 0.375 காட்ட வேண்டும். அதே 0.375 `oz`இல் காட்டினால் தட்டில் இருப்பது 10.63 கிராம்தான், ஒரு கிராமுக்கு மேல் குறைவு. சரியான தோலா `oz`இல் 0.411 காட்டும்.

வீட்டில் நிறுத்துப் பார்க்கிறவர்கள் `tl` என்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. அதைத் தோலா என்று நினைக்கத்தான் தோன்றும். பல தராசுகளில் அது சீனர்களின் தேயல், ஹொங்கொங் கணக்கில் 37.4 கிராம். தோலாவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரு தோலாக் கட்டியை வைத்துவிட்டு 0.31 என்று கண்டு, கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க முதல் அந்த எழுத்தைப் பாருங்கள். `g`இல் வைத்தால் 11.66 காட்டும், பத்துத் தோலா 116.64. சமையலறைத் தராசு இதற்கு உதவாது, அது ஒரு கிராம் கூடக் குறையக் காட்டும். இரண்டு தசமம் காட்டுகிற தராசு வேண்டும்.

கட்டியைக் கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு, அதுவும் சென்னையில் இறங்குகிறவர்களுக்கு, தோலா இன்னொரு இடத்தில் வந்து நிற்கும். வெளிநாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்புகிற இந்திய வம்சாவளியினரும் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் தீர்வை கட்டித் தங்கம் கொண்டுவர இந்தியச் சுங்கத்தில் ஒரு வழி இருக்கிறது. அந்த அறிவித்தலில் தங்கத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். செய்தவரின் தொடர் எண் பொறித்து, எடை மெட்ரிக் அளவில் இருக்கிற கட்டி ஒரு வகை. தோலாக் கட்டியையும் நகையையும் மற்ற வகையில் போட்டிருக்கிறார்கள். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. பழைய பத்துத் தோலாக் கட்டிகளில் பல தொடர் எண் இல்லாமல் வந்தவை, கடத்தல்காரர்களுக்குப் பிடித்த அளவு அது. இரண்டு வகைக்கும் தீர்வை வேறுபட்ட காலமும் உண்டு. 2009 வரவுசெலவுத் திட்டத்தில் தொடர் எண் உள்ள கட்டிக்கு 10 கிராமுக்கு 200 ரூபாய், மற்றதற்கு 500 ரூபாய் என்று வைத்தார்கள். தீர்வை அடிக்கடி மாறுகிறது, பயணம் போகிற வாரத்தில்தான் பார்க்க வேண்டும். ஆனால் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டியது இது: ஊருக்குக் கொண்டுபோகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், தோலாக் கட்டியைவிட, தொடர் எண்ணும் கிராமும் பொறித்த 10 கிராம், 50 கிராம், 100 கிராம் கட்டி சுங்கத்தில் பேச்சுக் குறைவு. பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்று சொல்கிற சலுகை நகைக்கு மட்டும். கட்டிக்கு அது செல்லாது.

இனிப் பவுனுக்கு வருவோம். எங்கள் வீடுகளில் தோலாவைக் கிராமுக்கு மாற்றுகிறதே கடைசியில் பவுனுக்கு மாற்றத்தான். இங்கேதான் அதிகம் நட்டப்படுகிறோம் என்பது என் எண்ணம், அந்த நட்டம் யாருக்கும் தெரிவதுமில்லை.

ஹரோவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி மகளின் கல்யாணத்துக்குத் தாலிக்கொடி செய்விக்க வேண்டும் என்று போன் எடுத்தாள். 10 பவுனில் கொடி. சுத்தக் கட்டி வாங்கிப் பத்தரிடம் கொடுத்துச் செய்விப்பது திட்டம். "அண்ணா, பத்துப் பவுன் எண்பது கிராம். அதைத் தோலாவால் பிரிச்சால் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே வருது. ஏழு தோலா வாங்கினாக் காணும்தானே?" என்றாள்.

காணும். காணும் என்பதுதான் பிரச்சினை. அவள் 80 கிராமை 11.66ஆல் வகுத்திருக்கிறாள், 6.86 வந்திருக்கிறது. எடைக்கு எடை அது சரி. ஆனால் கொடி 22 கரட், கட்டி 24 கரட். 80 கிராம் 22 கரட் கொடிக்குள் இருக்கிற சுத்தத் தங்கம் 73.3 கிராம்தான், மிச்சம் பத்தர் சேர்க்கிற செம்பும் வெள்ளியும். 999 தோலா ஒன்றில் சுத்தத் தங்கம் 11.65 கிராம். 73.3ஐ 11.65ஆல் வகுத்தால் 6.29. ஆறே கால் தோலாவுக்குச் சற்று மேலே இருந்தால் 10 பவுன் கொடிக்குத் தங்கம் வந்துவிடும்.

அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஏன் கவனிக்க வேண்டும் என்று தெரியும். ஏழு தோலா 999 கட்டியில் சுத்தத் தங்கம் 81.6 கிராம். அதை 22 கரட்டாக்கினால் சுமார் 89 கிராம் வரும், 11 பவுனுக்கும் சற்று மேலே. பத்தர் ஏழு தோலாவை வாங்கி 80 கிராம் கொடியைத் தந்தால், அவரிடம் நிற்பது 9 கிராம் 22 கரட், ஒரு பவுனுக்கும் மேல். நாங்கள் "81 கிராம் குடுத்தோம், 80 கிராம் வந்தது, ஒரு கிராம் சேதாரம், நல்ல மனுசன்" என்று சொல்லிச் செய்கூலியும் கட்டிவிட்டு வருவோம்.

பத்தரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சேதாரம் உண்மையில் உண்டு, அரத்தில் போகிற தூளும் பொடிவைப்பும் எல்லாம் கணக்குத்தான். அதைக் கிராமில் முன்கூட்டியே பேச வேண்டும் என்பதுதான் விஷயம். தங்கைக்கு நான் சொன்னது இப்படி: கட்டியைக் கொடுக்கும்போது "இதில் சுத்தம் இவ்வளவு கிராம், 22 கரட்டுக்கு மாற்றினால் இவ்வளவு கிராம்" என்று ஒரு துண்டில் இரண்டு பேரும் எழுதுங்கள். சேதாரம் எத்தனை கிராம் என்று அதற்குக் கீழே எழுதட்டும். கொடி வந்த பிறகு அதை நிறுத்து, சேதாரத்தைக் கூட்டி, மிச்சத்தைத் தங்கமாகவோ காசாகவோ கேளுங்கள். 4 கிராம் சேதாரம் என்று ஒப்புக்கொண்டால்கூட ஏழு தோலாவில் இன்னும் 5 கிராம் திரும்பி வர வேண்டும்.

"ஒரு தோலா ஒன்றரைப் பவுன்" என்ற பேச்சும் இதே குழப்பத்தில் பிறந்ததுதான். ஒன்றரைப் பவுன் 12 கிராம், தோலா 11.66. எடைப்படி பார்த்தால் ஒரு தோலா 1.46 பவுன், ஒன்றரைக்குக் குறைவு. 24 கரட் தோலாவை உருக்கி 22 கரட் நகையாக்கினால் 1.59 பவுன், ஒன்றரைக்குக் கூட. ஏற்கெனவே 22 கரட்டில் இருக்கிற பழைய நகையைத் தோலாவில் நிறுத்து விற்கும்போது 1.46 என்று எடுக்க வேண்டும். சுத்தக் கட்டி கொடுத்து நகை செய்விக்கும்போது 1.59. இரண்டு இடத்திலும் ஒன்றரை என்று எடுத்தால், ஒரு தரம் நீங்கள் கூட எதிர்பார்ப்பீர்கள், மற்றத் தரம் குறைய வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

தங்கை கடைசியில் தோலாக் கட்டி வாங்கவில்லை. 50 கிராம் ஒன்றும் 20 கிராம் ஒன்றும் 5 கிராம் ஒன்றுமாக, மூன்றும் 999, மொத்தம் 75 கிராம் வாங்கினாள். 22 கரட்டாக்கினால் சுமார் 81.8 கிராம். சேதாரத்துக்கு ஒன்றே முக்கால் கிராம் இருக்கிறது. அது காணாது என்று பத்தர் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு கிராம் கேட்கிறார், பேச்சு நடக்கிறது.